வாடகை ரசீது எழுதித் தருகிறோம் என்ற கடையில் நடந்தது: பாளைக்காரர்கள் கவனத்துக்கு

வீட்டு வாடகைப் படிக்கு (எச்.ஆர்.ஏ.) வரி விலக்குக் கேட்டு ஆபீசில் ரசீது கொடுக்க வேண்டியவர்கள், வெளியில் எழுதி வாங்கினால் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுக் கொடுங்கள். 2024-25 கணக்குக்காக நான் பட்டதைச் சொல்கிறேன்.

பெருமாள்புரத்தில் குடியிருக்கிறேன். ஒப்பந்தப்படி வாடகை 12,000. வீட்டுக்குத் தனி மீட்டர் கிடையாது என்பதால் கரண்டுக்கும் தண்ணிக்கும் சேர்த்து மாதம் 2,000 தனி. மொத்தத்தையும் ஜிபேயில் போட்டுவிடுவேன். வீட்டுக்கார அண்ணாச்சி ரசீதெல்லாம் எழுத மாட்டார், வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார்:

"தம்பி, ஆகஸ்டு வாடக வந்துட்டு. 14000. பன்னண்டு வீட்டுக்கு, மிச்சம் கரண்டும் தண்ணியும்."

இதை ஆபீசில் ஏற்க மாட்டார்கள். வரித் தாக்கல் செய்து தரும் ஒரு கடையில் மெசேஜ்களையும் ஒப்பந்த நகலையும் கொடுத்து, முறையாக எழுதித் தரச் சொன்னேன். அண்ணாச்சியிடம் கையெழுத்தும் பான் எண்ணும் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி 600 ரூபாய் வாங்கினார்கள். ஒட்டிய கவராகக் கொடுத்து, "அப்படியே ஆபீஸ்ல குடுத்துருங்க சார்" என்றார்கள்.

ஆபீசில் கணக்குப் பார்க்கும் அக்கா கவரைப் பிரித்ததும் என்னைக் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டு ரசீதிலும் "வாடகை ரூ.14,000, ரொக்கமாகப் பெற்றேன்" என்று இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கும்போது ரசீதில் ஒட்டுவார்கள். என் பணமோ ஒவ்வொரு மாதமும் வங்கி வழியாகப் போயிருக்கிறது, ஸ்டேட்மெண்டில் இருக்கிறது. ஏப்ரல் ரசீதும் மார்ச் ரசீதும் ஒரே பேனா, ஒரே சாய்வு. கையெழுத்து இங்கிலீஷில் ஒரு கிறுக்கல். அண்ணாச்சி தமிழில் முழுப் பெயர் எழுதித்தான் கையெழுத்துப் போடுவார், ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. பான் எண் அவருடையதே இல்லை. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் கட்டாயம் என்பதால் யாருடையதையோ போட்டிருக்கிறார்கள்.

அந்த 2,000 ரூபாயைச் சேர்த்து எழுதியதில் என்ன ஆகும் என்று அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார். என் அடிப்படைச் சம்பளம் வருடத்துக்கு 4,80,000, வாடகைப் படி 1,20,000. விலக்கு மூன்றில் எது குறைவோ அது: வாங்கிய படி, கொடுத்த வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதம் போக மீதி, அடிப்படைச் சம்பளத்தில் 40 சதவீதம் (நெல்லைக்கு 40, சென்னைக்கு 50). உண்மை வாடகை 1,44,000. அதில் 48,000 கழித்தால் 96,000, அதுதான் விலக்கு. கடைக்காரர் கணக்கில் 1,68,000. கழித்தால் 1,20,000. கூடுதல் விலக்கு 24,000. இருபது சதவீத வரி, செஸ் எல்லாம் சேர்த்து எனக்கு மிச்சமாவது 4,992 ரூபாய். பொய் ரசீது என்று பிடிபட்டால் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 270ஏ பிரிவில், தப்பித்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் வரும், வரி தனி. அதைக் கட்டப்போவது கடைக்காரர் இல்லை.

(இந்த விலக்கே பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறையில் இருப்பவர்கள் ரசீதுக்கு அலைய வேண்டாம்.)

பிறகு அக்கா சொன்னபடி நானே எழுதினேன். அண்ணாச்சியின் மெசேஜில் உள்ளது மாறாமல், தேதியும் தொகையும் ஸ்டேட்மெண்டோடு ஒத்துப்போகும்படி:

"பெருமாள்புரத்தில் உள்ள எனது வீட்டில் (முழு முகவரி) குடியிருக்கும் திரு. ... அவர்களிடமிருந்து 2024 ஆகஸ்டு மாத வாடகையாக ரூ.12,000 (பன்னிரண்டாயிரம் மட்டும்) 5.8.2024 அன்று வங்கிக் கணக்கு வழியாகப் பெற்றுக்கொண்டேன். அன்று வந்த ரூ.14,000-ல் மீதி ரூ.2,000 மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் உரியது. வாடகையில் சேராது."

கீழே உரிமையாளர் பெயர், பான், கையெழுத்து. அந்தக் கடைசி இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால், ஸ்டேட்மெண்டில் 14,000, ரசீதில் 12,000 ஏன் என்று மறுபடி கேள்வி வரும்.

அண்ணாச்சி படித்துப் பார்த்து எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு, பான் அட்டை நகலும் தந்தார். கடையிலிருந்து தன்னைத் தேடி யாருமே வரவில்லையாம். பழைய ரசீதுகளைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. "எம் பேருல எவம்வே கையெழுத்துப் போட்டது?" என்று என்னோடு கடைக்கே கிளம்பி வந்தார்.

கடைக்காரர் அசரவில்லை. "எல்லாரும் இப்படித்தான் குடுக்காவ, ஆபீஸ்ல யாரு பாக்கா?" என்றார். 600 ரூபாயில் ஸ்டாம்ப் காசு போய்விட்டதாம், திருப்பித் தர முடியாதாம். அவர் கையில் இருந்த எங்கள் ஒப்பந்த நகலை மட்டும் அண்ணாச்சி பிடுங்கிக்கொண்டு வந்தார்.