நாலு வருடமாக நிரம்பி வழியும் 64 ஜிபி போன்: ஸ்டோரேஜ் தேய்ந்ததா, மூச்சுத் திணறுகிறதா?

என் போன் 64 ஜிபி. வாங்கிய முதல் வருடத்துக்குப் பிறகு அதில் 3 ஜிபிக்கு மேல் காலியாக இருந்த நாள் அபூர்வம். நாலு வருடம் ஓட்டியாயிற்று. "பழைய போன், சிப் தேய்ந்திருக்கும், மாற்றிவிடு" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேய்மானம் உண்மைதான், ஆனால் அது தனிக் கதை.

மந்தம் எப்படி வந்தது என்பதுதான் முதல் தடயம். ஏற்கெனவே திறந்திருக்கும் பக்கத்தை மேலும் கீழும் தள்ளினால் எந்தச் சிக்கலும் இல்லை. பின்னணியில் ஆப் அப்டேட் ஓடும்போதோ, குரூப்பில் வீடியோக்கள் இறங்கும்போதோதான் தட்டச்சு செய்யும் எழுத்து இரண்டு விநாடி கழித்து வரும். போட்டோ எடுத்தால் அது சேமிக்கப்படும்வரை கேமரா உறைந்து நிற்கும். ஆக, எழுதும் வேலை வரும்போதுதான் திணறல்.

காரணம் ஃபிளாஷ் நினைவகத்தின் சுபாவம். அதில் எழுதுவது சில கிலோபைட் அளவுள்ள பக்கம் பக்கமாக. அழிப்பது மட்டும் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு முழு பிளாக்காக. எழுதிய பக்கத்தின் மேல் நேராகத் திருப்பி எழுத முடியாது. ஒரு ஃபைல் மாறினால் புதிய பிரதி வேறு பக்கத்துக்குப் போகும், பழையது செல்லாததாகக் குறிக்கப்படும். வெற்று பிளாக் குறையும்போது, சிப்புக்குள் இருக்கும் கன்ட்ரோலர் ஒரு பிளாக்கைத் தேர்ந்தெடுத்து, அதில் இன்னும் தேவைப்படும் பக்கங்களை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, மொத்தத்தையும் அழிக்கும்.

கணக்கு இங்கேதான் கசக்கிறது. ஒரு பிளாக்கில் 100 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். பாதி செல்லாதவை என்றால், 50 பக்கத்தை நகர்த்தி 50 பக்க இடம் கிடைக்கும். நாம் எழுதும் ஒரு பக்கத்துக்குச் சிப் இரண்டு எழுதுகிறது. போன் நிரம்பி 90 பக்கம் தேவைப்படுபவையாக இருந்தால், 90 பக்கத்தை நகர்த்தி வெறும் 10 பக்கம் கிடைக்கும். இப்போது ஒன்றுக்குப் பத்து. கன்ட்ரோலர் குப்பை அதிகமுள்ள பிளாக்கைத் தேடித்தான் எடுக்கும், கொஞ்சம் கையிருப்பு இடமும் மறைவாக வைத்திருக்கும். அதனால் நடைமுறையில் இவ்வளவு மோசமாகாது, போக்கு மட்டும் இதுதான். அந்த நகலெடுப்பு முடியும்வரை நம் எழுத்து காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, பல சிப்களில் காலி இடத்தின் ஒரு பகுதி, சிப்பின் நுண்ணிய சேமிப்பறையான செல்லுக்கு ஒரே பிட் வீதம் எழுதும் வேகமான இடைத்தாங்கலாகப் பயன்படுகிறது. காலி இடம் சுருங்கினால் அதுவும் சுருங்கும்.

சரி, தேய்மானம்? செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை, தோராயமாக 1,000 முதல் 3,000 முறை அழித்தெழுதத் தாங்கும். குறைந்தபட்சமான 1,000 என்றே எடுத்தால், 64 ஜிபிக்கு மொத்தம் 64,000 ஜிபி எழுதலாம். நாளைக்கு 10 ஜிபி எழுதினாலும், ஒன்றுக்கு இரண்டு வீதம் போனால் எட்டு வருடத்துக்கு மேல் வரும். ஒன்றுக்கு எட்டாக ஏறினால் இரண்டு வருடம் சொச்சம்தான். ஆக, நிரம்பிய போன் மெதுவாவதோடு சீக்கிரமும் தேய்கிறது. நான் நாளைக்கு 10 ஜிபி எழுதுபவன் இல்லை, அதனால்தான் தேய்மானத்தை நம்பவில்லை.

சோதித்துப் பார்க்க, என் ஆண்ட்ராய்டு போனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் இணைத்து, adb என்ற கருவி வழியாக இதை ஓட்டினேன்:

```
adb shell dumpsys diskstats
```

`Latency` என்ற வரி, 512 பைட் எழுத எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்கிறது. `Data-Free` எத்தனை சதவீதம் காலி என்று காட்டும். நிரம்பியிருக்கும்போது `Latency` ஒவ்வொரு முறையும் தாறுமாறாகக் குதித்தது. வீடியோக்களை எல்லாம் வெளியே நகர்த்தி, கால்வாசி இடத்தைக் காலி செய்தேன். உடனே பெரிதாக மாறவில்லை. இதில் பலர் ஏமாந்து "ஒன்றும் பயனில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அழித்த இடம் இனி வேண்டாம் என்று சிப்புக்குச் சொல்லும் டிரிம் வேலையை ஆண்ட்ராய்டு பெரும்பாலும் போன் சும்மா இருந்து சார்ஜ் ஏறும்போதுதான் செய்யும். இரவு முழுக்கச் சார்ஜரில் விட்ட பிறகு தட்டச்சுத் தாமதம் கிட்டத்தட்ட மறைந்தது. கேமரா மட்டும் புதிதுபோல் ஆகவில்லை. நாலு வருடத்தில் ஆப்களும் பெருத்துவிட்டன, அதைச் சிப் தலையில் கட்ட முடியாது.

தேய்ந்த செல்கள் சரியாகியிருக்க வழியில்லை. ரீசெட் செய்தாலும் அழித்தெழுதிய எண்ணிக்கை குறையாது. எனவே இடம் காலியானதும் வேகம் திரும்பினால் சிக்கல் இட நெருக்கடிதான். நிறைய இடம் இருந்தும், சில நாள் இரவுச் சார்ஜுக்குப் பிறகும் திணறல் அப்படியே இருந்தால், பழைய போட்டோக்களைத் திறக்கும்போதே பிழை வந்தால், அப்போதுதான் நான் சிப்பைச் சந்தேகிப்பேன். அந்த நிலையில் முதல் வேலை பேக்கப், வேகம் அப்புறம்.