டெல்லியில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் தண்ணீர் பில்லைக் கட்டும் முன் இதைப் படியுங்கள்

8,340 ரூபாய். ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் தண்ணீர் பில் என்ற பெயரில் என்னிடமிருந்து கூடுதலாகப் பிடுங்கிய தொகை இது. பிடுங்கியது ஜல் போர்டு இல்லை. வீட்டு உரிமையாளர்களிடமிருந்து மொத்தமாக வீட்டை எடுத்து, தளம் தளமாக வாடகைக்கு விட்டு, வாடகையும் பில்லும் செயலி வழியாக வசூலிக்கும் கம்பெனிகள் இப்போது முளைத்திருக்கின்றனவே, அதில் ஒன்று. பெயர் போடவில்லை. டெல்லியில் குடியிருப்பவர்களுக்கு இந்த மாதிரிக் கம்பெனிகளைத் தெரிந்திருக்கும்.

நாங்கள் இருப்பது மயூர் விஹார் பக்கம், மூன்று தளம் உள்ள வீடு, நாங்கள் மேல்தளம். வீட்டுக்கே ஒரே ஒரு ஜல் போர்டு இணைப்பு, வாசலில் ஒரு மெயின் மீட்டர். அதற்குப் பிறகு தண்ணீர் தொட்டிக்குப் போய், அங்கிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் இறங்கும் குழாயில் இந்தக் கம்பெனி ஒரு சின்ன தனி மீட்டர் மாட்டியிருக்கிறது. குடி வரும்போது பேசியவர் தமிழர். டெல்லியில் நம் ஊர்க்காரர் ஒருவர் "சார், வாங்க, நானும் திருச்சிதான்" என்று பேசினால் மனசு எப்படி இளகும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பற்றிக் கேட்டேன். "சார், நாங்க ஒரு பைசா வைக்கிறதில்ல. ஜல் போர்டு ரேட் என்னவோ அதே ரேட்" என்றார். அதோடு விடவில்லை, தன் போனிலேயே ஜல் போர்டு கட்டணப் பட்டியலைத் திறந்து காட்டினார். அதில் 43.93 என்று இருந்ததை விரலால் தொட்டு, "இதுதான் சார் ரேட், அரசாங்க ரேட்" என்றார். அரசாங்கப் பட்டியலையே காட்டுகிறாரே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பட்டியல் பொய்யில்லை. அதில் ஒரே ஒரு வரியை மட்டும் காட்டியதுதான் ஏமாற்று.

டெல்லியில் வீட்டு உபயோகத் தண்ணீருக்கு 2018 பிப்ரவரியிலிருந்து உள்ள கட்டணம் இப்படி. ஒரு கிலோலிட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். மாதத்தில் முதல் 20 கிலோலிட்டருக்கு, கிலோலிட்டர் ஒன்றுக்கு ரூ. 5.27. அடுத்த 10 கிலோலிட்டருக்கு ரூ. 26.36. முப்பதைத் தாண்டி ஓடுவதற்கு மட்டும்தான் ரூ. 43.93. அதாவது நீங்கள் 48 கிலோலிட்டர் செலவழித்தால் 48-க்கும் 43.93 கிடையாது. முதல் இருபது மலிவு விலையிலும், அடுத்த பத்து நடுவிலையிலும், மிச்சமுள்ள பதினெட்டு மட்டும் உச்ச விலையிலும் கணக்காகும். இதன் மேல் மாதச் சேவைக் கட்டணம் ஒன்று உண்டு. முப்பதைத் தாண்டிய இணைப்புக்கு அது ரூ. 292.82. அப்புறம் கழிவுநீர்க் கட்டணம், தண்ணீருக்கான தொகையில் 60 சதவீதம். சேவைக் கட்டணத்தின் மேல் இந்த 60 சதவீதம் வராது, ஓடிய தண்ணீரின் விலை மேல் மட்டும்தான்.

இந்த 60 சதவீதத்தில்தான் திருட்டு இரட்டிக்கிறது. தண்ணீர் விலையைத் தவறான படியில் போட்டுவிட்டால் கழிவுநீர்க் கட்டணமும் தானாக ஏறிவிடும். கழிவுநீரும் சேர்த்துப் பார்த்தால் முதல் படியில் ஒரு கிலோலிட்டர் ரூ. 8.43 ஆகிறது, உச்சப் படியில் ரூ. 70.29. ஒரே தண்ணீர்தான், எட்டு மடங்குக்கு மேல் விலை வித்தியாசம். என்னை எந்தப் படியில் உட்கார வைக்கிறான் என்பதுதான் மொத்த விஷயமே.

எனக்கு வந்த ஒரு மாத பில்லைச் சொல்கிறேன். வீட்டில் என் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள், நான். அந்த மாதம் எங்கள் தளத்தில் 18 கிலோலிட்டர். செயலியில் வந்தது ஒரே வரி: தண்ணீர் மற்றும் கழிவுநீர், 18 கிலோலிட்டர், ரூ. 1,558. எப்படி வந்தது என்று எந்த விவரமும் இல்லை. கட்டத் தாமதமானால் அபராதம் என்பது மட்டும் சிவப்பில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் இந்த அளவில்தான் வந்தது, ஒவ்வொரு மாதமும் கட்டினேன். டெல்லியில் தண்ணீர் இலவசம் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் இப்படி என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். துணி துவைக்கும் மெஷினைக்கூடப் போடவிடாமல் கையால் துவைக்க ஆரம்பித்தார், எழுபது வயதில். இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

உண்மை வெளியே வந்தது இந்த வாரம். மீட்டர் பார்க்க வந்த ஜல் போர்டு ஆள் பில்லைக் கம்பெனி ஆளிடம் கொடுக்காமல் கீழ்த்தளத்தில் இருக்கும் வங்காளிக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் குடும்பத்தினர் எனக்குப் படம் எடுத்து அனுப்பினார்கள். இரண்டு மாதத்துக்கான பில். மெயின் மீட்டரில் மொத்தம் 96 கிலோலிட்டர், அதாவது மாதம் 48. கட்ட வேண்டிய தொகை சுமார் 4,297 ரூபாய். முழு வீட்டுக்கும், மூன்று தளத்துக்கும், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு மாதத்துக்கு 48 கிலோலிட்டர் என்றால் முதல் இருபதுக்கு ரூ. 105.40, அடுத்த பத்துக்கு ரூ. 263.60, மீதி பதினெட்டுக்கு ரூ. 790.74. ஆகத் தண்ணீர் ரூ. 1,159.74. கழிவுநீர் அதில் 60 சதவீதம், ரூ. 695.84. சேவைக் கட்டணம் ரூ. 292.82. கூட்டினால் ரூ. 2,148.40. இரண்டு மாதத்துக்கு 4,297 சரியாக வந்துவிட்டது, ஜல் போர்டு பில்லில் தப்பே இல்லை.

இப்போது கம்பெனி வசூலித்ததைப் பாருங்கள். எங்கள் தளம் 18, நடுத்தளம் 14, கீழ்த்தளம் 16. ஒன்றிரண்டு நூறு லிட்டர் முன்னே பின்னே இருந்தாலும் கூட்டினால் மெயின் மீட்டரின் 48-உடன் ஒத்துப்போகிறது. மூன்று பேருக்குமே முதல் லிட்டரிலிருந்து 43.93, அதன் மேல் 60 சதவீதம், அதன் மேல் ஆளுக்கு ஒரு முழு சேவைக் கட்டணம். ஒரே இணைப்புக்கு ஜல் போர்டு ஒரு முறை வாங்கும் ரூ. 292.82-ஐ இவர்கள் மூன்று முறை வாங்கியிருக்கிறார்கள். எனக்கு 1,558, நடுத்தளத்துக்கு 1,277, கீழ்த்தளத்துக்கு 1,417. மாதம் 4,252 ரூபாய் வசூலித்து, ஜல் போர்டுக்கு 2,148 கட்டியிருக்கிறார்கள். சரிபாதி லாபம். ஓடிய தண்ணீரின் அளவுப்படி பிரித்தால் என் பங்கு ரூ. 806 தான். மாதாமாதம் இப்படிக் கூட்டிப் பார்த்ததில் வந்ததுதான் அந்த 8,340 ரூபாய்.

இன்னொன்று சொல்கிறேன், இதுதான் இன்னும் கொதிக்கிறது. டெல்லியில் மீட்டர் ஒழுங்காக ஓடும் வீட்டு இணைப்பில் மாதம் 20 கிலோலிட்டருக்குள் இருந்தால் பில்லே கிடையாது, 2015-லிருந்து. இருபதைத் தாண்டினால் சலுகை முழுவதும் போய்விடும்: 20-க்குப் பூஜ்யம், 21-க்குக் கிட்டத்தட்ட 430 ரூபாய். நாங்கள் 18, மற்ற இரண்டு பேரும் அதற்கும் குறைவு. தளத்துக்கு ஒரு ஜல் போர்டு இணைப்பு இருந்திருந்தால் மூன்று வீட்டுக்குமே பில் வந்திருக்காது. ஒரே இணைப்பில் மூன்று குடும்பத்தையும் போட்டதால்தான் மொத்தமும் 48 ஆகி உச்சப் படிக்குப் போனது. அதுவும் போதாது என்று அதன் மேல் இன்னொரு மடங்கு.

கேட்டால் வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில் அந்தத் திருச்சிக்காரர், "சிஸ்டம் போடுற கணக்கு சார், நான் தொட முடியாது" என்றார். செயலியில் புகார் போட்டேன். "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள், யாரும் பேசக்கூட இல்லை. மறுபடி போட்டதற்கு, குழாயில் கசிவு இருக்கும், அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் போடுகிறோம் என்று பதில். கசிவு இருந்தால் மெயின் மீட்டரில் அதிகமாகவும் தள மீட்டர்களின் கூட்டுத்தொகை குறைவாகவும் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்கிறதே என்று படத்தோடு அனுப்பினேன். அதற்குப் பதிலே இல்லை. பிறகு வேறு ஒரு ஆள் கூப்பிட்டு, "பொருந்தும் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதம் நோட்டீஸ் கொடுங்கள், பாக்கி இருந்தால் டெபாசிட்டில் கழித்துக்கொள்வோம்" என்று மிரட்டினார். 8,340 ரூபாயை இவர்கள் எடுத்துவிட்டு, பாக்கி எனக்காம். திருச்சிக்காரர் இப்போது போனையே எடுப்பதில்லை. உரிமையாளர் அம்மா நொய்டாவில் இருக்கிறார், பேசினேன். "எனக்கு வாடகை வந்துவிடுகிறது, மற்றது கம்பெனி பார்க்கிறது" என்று வைத்துவிட்டார்.

இந்தப் பணத்தை இனி எப்படித் திரும்ப வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் முடிகிறது. உங்கள் பில்லிலிருந்து சேவைக் கட்டணத்தைக் கழித்து, மிச்சத்தை உங்கள் கிலோலிட்டரால் வகுத்துப் பாருங்கள். சரியாக 70.29 வந்தால் முதல் லிட்டரிலிருந்தே உச்ச விலை போட்டிருக்கிறார்கள். என்னுடையது அப்படித்தான், 1,265.18-ஐப் பதினெட்டால் வகுத்தால் அதே எண். ஜல் போர்டு பில்லில் இருக்கும் கே நம்பரைக் குடி போகும் முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் உண்மையான பில்லை நீங்களே பார்க்கலாம். தர மாட்டேன் என்றால் அந்த வீடே வேண்டாம். மெயின் மீட்டரையும் உங்கள் தள மீட்டரையும் மாதம் ஒரே நாளில் படம் எடுங்கள். ஒப்பந்தத்தில் "ஜல் போர்டு பில் தொகையை ஓடிய அளவின்படி பிரித்து" என்று எழுதச் சொல்லுங்கள், "பொருந்தும் கட்டணம்" என்ற வார்த்தை இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், யார் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.