குட்டி ஈனும் அறை: தடுப்புக் கம்பி, சூட்டுப் பெட்டி, தாய் திரும்ப இடம் – சில வருட அனுபவம்

வெண்பன்றிப் பண்ணை வைக்க நினைப்பவர்கள் எங்கள் கொட்டகைக்கு வந்தால் முதலில் குனிந்து பார்ப்பது சுவரோரத் தடுப்புக் கம்பியைத்தான். எத்தனை அங்குலம், என்ன பைப், எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். கம்பி வேண்டியதுதான். ஆனால் பல ஈத்துகளை இந்த அறைகளில் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று: தாய்க்கு அடியில் குட்டி நசுங்குவதை முதலில் தடுப்பது, குட்டிகள் படுக்க விளக்கு வைத்துச் சூடாக்கும் சூட்டுப் பெட்டி. கம்பி அதற்கு அடுத்தபடிதான்.

எங்கள் பண்ணை கிருஷ்ணகிரிப் பக்கம். மார்கழி, தை இரவுகளில் கொட்டகைக்குள் 16 டிகிரிக்கு வந்துவிடும். சித்திரையில் பகலில் 37, 38 டிகிரி. இரண்டுமே ஈனும் அறைக்குச் சோதனைதான்.

அறை 8 அடிக்கு 10 அடி, ஏறக்குறைய ஏழரை சதுர மீட்டர். நம் நாட்டுப் பரிந்துரைகளில் ஒரு தாய்க்கு 7 முதல் 9 சதுர மீட்டர் என்று இருக்கும். அதில் கீழ்ப்பக்கத்துக்குப் பக்கம். ஆனால் இந்த அளவு முழுக்கத் தாய்க்கே. குட்டிகளின் பெட்டி இதற்கு வெளியே, இரண்டு அறைகளுக்கு நடுவே முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு பெட்டியும் இரண்டரை அடிக்கு ஐந்து அடி. தரை 10 அடி நீளத்துக்கு 3 அங்குலம் சரிவு. தீவனத் தொட்டியும் பெட்டியின் வாசலும் மேட்டுப் பக்கம். தண்ணீர் நிப்பிளும் சாக்கடையும் பள்ளப் பக்கம். தாய்ப்பன்றி தின்னும் இடத்தில் சாணம் போடாது, ஈரமான மூலைக்குத்தான் போகும். அதனால் மேட்டுப் பக்கம் தானாகவே காய்ந்து கிடக்கிறது.

இனி கம்பி. இரண்டு அங்குல ஜி.ஐ. பைப், தரையிலிருந்து 9 அங்குல உயரம், சுவரிலிருந்து 9 அங்குலம் தள்ளி, மூன்று சுவர்களிலும் மூலை விடாமல் ஒரே ஓட்டமாக. தாய் சுவரில் முதுகைச் சாய்த்துச் சறுக்கிப் படுக்கும்போது கம்பிக்குப் பின்னால் இருக்கும் குட்டி தப்பித்துக்கொள்ளும். இதுதான் கம்பியின் வேலை. உயரத்தை ஒரு அடிக்கு மேல் ஏற்றினால் முதல் ஈத்துப் பன்றி தன் முதுகையே கம்பிக்கு அடியில் விட்டுவிடும். மிகவும் தாழ்த்தினால் இரண்டு வாரக் குட்டியால் நுழைய முடியாது. இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வைக்கோலை மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் அது மிதிபட்டு மூன்று அங்குலத்துக்கு இறுகிவிடும். 9 அங்குலம் 6 ஆகிவிடும். குட்டி வளர்கிறது, இடைவெளி சுருங்குகிறது. சுவரோரத்தை மட்டுமாவது வாரம் ஒருமுறை சுரண்டி எடுக்க வேண்டும்.

ஒன்றரை அங்குலப் பைப்பும் சில அறைகளில் போட்டிருந்தோம். அது நான்காவது ஈத்துக்கு வந்த 200 கிலோப் பன்றியின் எடையில் நடுவில் வளைந்துவிட்டது. தரையில் ஊன்றிய கால்கள் இன்னொரு தொல்லை. சாணம் அங்கேயே தேங்கும், மூத்திரம் பட்டு அடிப்பாகம் துருப்பிடித்துப் பொடியும். வெல்டிங் போட வந்த தம்பிதான், "அண்ணே, காலே வேண்டாம், செவுத்துலேருந்து நாலடிக்கு ஒரு பிராக்கெட் கொடுத்துடுறேன்" என்றார். அப்படிச் செய்த அறைகளில் கம்பி இன்றும் அசையவில்லை, கழுவுவதும் சுலபம்.

சரி, கம்பி போட்டாயிற்று. அப்புறமும் குட்டிகள் நசுங்கின. எங்கே என்று பார்த்தால் சுவரோரத்தில் இல்லை, அறையின் நடுவில், தாயின் வயிற்றுப் பக்கத்தில். நின்றிருக்கும் தாய் முன்னங்கால்களை மடித்து, பின்பாகத்தைப் பொத்தென்று போடும்போதும், குப்புறப் படுத்திருந்தது பக்கவாட்டில் புரளும்போதும் நடப்பது அது. கம்பியால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இப்படிச் சாவது பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாட்களில்தான்.

எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவர் ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார். "நசுங்கிச்சுன்னு நோட்டுல எழுதுறதுக்கு முன்னாடி வயித்தைத் திறந்து பாருங்க சார்" என்றார். நுரையீரலில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால், மூச்சுவிட்ட குட்டியுடையது மிதக்கும். செத்தே பிறந்ததுடையது மூழ்கும். இரைப்பையில் தயிர் மாதிரி உறைந்த பால் இருந்தால், குடித்துத் தெம்பாக இருந்த குட்டி துரதிர்ஷ்டத்தால் மாட்டிக்கொண்டது என்று பொருள். இரைப்பை காலியாக இருந்தால் கதை வேறு. அந்தக் குட்டி முதலில் குளிரில் விறைத்திருக்கிறது, மடிக்குப் போட்டி போட முடியாமல் பட்டினி கிடந்திருக்கிறது, சூட்டுக்காகத் தாயின் உடம்போடு ஒட்டிக் கிடந்திருக்கிறது, தாய் எழுந்து படுத்தபோது விலக வலுவில்லாமல் அடியில் போயிருக்கிறது. பார்வைக்கு இரண்டுமே நசுங்கிய குட்டிகள்தான்.

ஒரு மார்கழி ஈத்தைச் சொல்கிறேன். நான்காவது ஈத்துத் தாய், 11 குட்டி, எல்லாம் ஒன்றேகால் கிலோவை ஒட்டி. இரண்டாம் நாள் விடியற்காலையில் இரண்டு குட்டிகள் தாயின் பின்தொடைக்கு அடியில் கிடந்தன. ஒன்றின் இரைப்பை முற்றிலும் காலி, மற்றதில் ஓரிரு சொட்டுப் பால். அன்று இரவு கரண்ட் மூன்று மணி நேரம் போயிருந்தது. பெட்டிக்குள் தரையில் வைத்திருந்த தெர்மாமீட்டர் 24 காட்டியது. பிறந்த குட்டிக்கு வேண்டியது 32 முதல் 34 டிகிரி. அதன் உடம்பில் கொழுப்பும் மயிரும் மிகக் குறைவு. 24 டிகிரியில் இருக்கும் பெட்டியைவிடத் தாயின் வயிறு சூடு என்றால் அது தாயிடம்தான் போகும். அது ஆபத்தான இடம் என்று குட்டிக்குத் தெரியாது.

அப்போது எங்கள் பெட்டிக்கு மேல்மூடி கிடையாது, விளக்கு மட்டும்தான். விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் சூடு மேலே போய்விடும். அதன் பிறகு எல்லாப் பெட்டிகளுக்கும் பிளைவுட் மூடி போட்டு, அதன் உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டி, அதற்கு மேல் தகடு அடித்தோம். தெர்மோகோலை வெறுமையாக விட்டால் வளர்ந்த குட்டிகள் கடித்துக் குதறிவிடும், விளக்குச் சூட்டுக்கும் ஆகாது. விளக்கு இருக்கும் இடத்தில் மட்டும் மூடியில் வட்டமாக வெட்டிச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறோம். ஒயரிலேயே தொங்கவிடக் கூடாது. அறுந்தால் கீழே வைக்கோல். வாசல் ஒரு அடி உயரம், அதில் கோணிச்சாக்கைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டால் குட்டி முட்டித் தள்ளிக்கொண்டு போய்வரும். தரையில் ரப்பர் பாய், அதன்மேல் நறுக்கிய காய்ந்த வைக்கோல் இரண்டு அங்குலம். இப்போது கரண்ட் போனாலும் பத்துக் குட்டிகளின் உடல் சூடே பெட்டிக்குள் வெகுநேரம் தங்குகிறது.

விளக்கு 150 வாட், குட்டியின் முதுகிலிருந்து சுமார் ஒன்றரை அடி உயரம். இரவு பத்து மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். வாரத்துக்கு இரண்டு டிகிரி குறைகிற மாதிரிச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொண்டே போவோம். தெர்மாமீட்டரைவிடக் குட்டிகள் படுத்திருக்கும் விதம் நன்றாகவே சொல்லும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தால் குளிர். விளக்குக்கு நேர்கீழே வெற்றிடம் விட்டு ஓரங்களில் சிதறிக் கிடந்தால் சூடு அதிகம். பக்கவாட்டில் கால் நீட்டி, ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாகக் கிடந்தால் சரியாக இருக்கிறது.

ஆனாலும் பெட்டி எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் முதல் ஒன்றிரண்டு நாள் குட்டிகள் தாயை விட்டு விலகாது. சீம்பால் அங்கேதான், தாயின் வாசனையும் அங்கேதான். அந்த நாட்களில் ஆள் வேலை வேண்டும். ஈனும் இரவில் தாயின் பின்பக்கம் இன்னொரு விளக்கைத் தொங்கவிட்டு, விழுந்த குட்டியைக் காய்ந்த துணியால் துடைத்து மடியில் விடுகிறோம். எல்லாம் சீம்பால் குடித்த பிறகு, தாய்க்குத் தீவனம் போடும் நேரத்தில் மட்டும் குட்டிகளைப் பெட்டிக்குள் விட்டு வாசலை அரை மணி நேரம் மூடிவைக்கிறோம். தாய் அதிகம் எழுந்து படுப்பது அப்போதுதான். அதற்கு மேல் அடைக்கக் கூடாது. ஏறக்குறைய மணிக்கொரு முறை பால் இறங்கும், தவறவிட்டால் குட்டிக்குத்தான் நட்டம். மூன்றாம் நாளுக்குள் குட்டிகள் தாமாகவே பெட்டிக்குப் போகப் பழகிவிடும்.

தாய்க்கு இடம் ஏன் வேண்டும் என்பதைப் படுப்பதற்கு முன் அது என்ன செய்கிறது என்று பார்த்தால் புரியும். உறுமிக்கொண்டே சுற்றி வரும், மூக்கால் குட்டிகளைத் தள்ளி ஒரு பக்கம் ஒதுக்கும், அதன் பிறகுதான் முழங்காலிடும். திரும்ப முடியாத கூண்டில் இதற்கு வழியில்லை. சுவீடன், நார்வே, சுவிட்சர்லாந்து நாடுகளில் தாயை ஈனும் காலம் முழுக்கக் கூண்டில் அடைத்து வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அங்கே வளர்ப்பவர்கள் திறந்த அறையிலேயே குட்டி எடுக்கிறார்கள். அதே சமயம் வெறுமனே பெரிய அறையும் போதாது என்பது என் கருத்து. சாய்ந்துகொள்ள எதுவும் இல்லாவிட்டால் தாய் நடுவிலேயே பொத்தென்று விழுகிறது. அதனால் கம்பி இல்லாத நான்காவது பக்கத்தில் மூன்றடி உயரத்திலிருந்து உள்நோக்கிச் சாய்வாக ஒரு கனமான பலகை கொடுத்திருக்கிறோம். அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து 9 அங்குலம். தாய் அதில் முதுகைக் கொடுத்து மெதுவாக இறங்கிப் படுக்கிறது, குட்டி பலகைக்கு அடியில் புகுந்துகொள்கிறது. பெரும்பாலான தாய்கள் ஓரிரு நாளில் அந்தப் பக்கத்தையே தேர்ந்தெடுக்கின்றன.

ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே, அதாவது சினையான 107ஆம் நாள் வாக்கில், தாயைக் குளிப்பாட்டி உள்ளே விடுகிறோம். கடைசி நாள் நெருங்கும்போது வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு கூடு கட்டத் தொடங்கும். அப்போது கை நிறையக் காய்ந்த வைக்கோல் கொடுத்தால், ஈனும்போது அடிக்கடி எழாமல் அமைதியாகப் படுத்திருக்கிறது. இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கோடையில் சிக்கல் தலைகீழ். குட்டிக்கு 33 டிகிரி சுகம், தாய்க்கு 25ஐத் தாண்டினாலே திணறல். நிமிடத்துக்கு 40க்கு மேல் மூச்சு வாங்கினால் தாய் வெப்பத்தில் தவிக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தீவனம் குறையும், பால் குறையும், புழுக்கத்தில் புரண்டு புரண்டு படுக்கும். பெட்டி அறைக்கு வெளியே இருப்பதன் அருமை அப்போதுதான் தெரிகிறது. விளக்கின் சூடு தாயைத் தொடுவதில்லை. பகலில் விளக்கை அணைத்துவிட்டு, தொட்டிக்கு மேலே சொட்டுநீர்க் குழாயைத் தாயின் பிடரியில் விழும்படி வைக்கிறோம். பைப்பால் பீய்ச்சி அடித்தால் தரை முழுக்க ஈரமாகி, குட்டிக்குக் கழிச்சல் வந்துவிடும்.

இந்த அமைப்பில் எனக்கு மீதமிருக்கும் குறை ஒன்றுதான். ஐந்தாவது வாரத்தில் 10 குட்டிகளுக்கு இரண்டரைக்கு ஐந்தடிப் பெட்டி போதவில்லை. இரண்டு மூன்று வெளியே படுத்துவிடுகின்றன. அந்த வயதில் நசுங்கும் பயம் இல்லை என்றாலும், குட்டித் தீவனத்தை உள்ளே வைக்க இடம் கிடைப்பதில்லை. புதிதாகக் கட்டும் இரண்டு அறைகளுக்கு ஏழடி நீளப் பெட்டி போடுகிறோம். முதல் வாரத்தில் ஒரு பலகையால் மறித்துப் பாதியை மட்டும் சூடாக்கி, பிறகு பலகையை எடுத்துவிடுவதாகத் திட்டம்.