ஊற வைத்த மருதாணியா, உடனே கறுக்கும் கோனா?

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால் கைக்கு மருதாணி வைக்கப் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: மரத்து இலையைப் பறித்து அரைப்பது, தூளைக் குழைத்து ஊற வைத்து நாமே கோன் போடுவது, கடையில் கோன் வாங்குவது. மூன்றாவதில் அரை மணி நேரத்தில் கன்னங்கறுப்பாகப் பிடிக்கும் என்று விற்கப்படும் கோனும் சேரும். விலையையும் வசதியையும் வைத்து ஒப்பிட்டால் கறுப்புக் கோன்தான் முந்தும். நிறம் எந்தப் பொருளிலிருந்து வருகிறது, அது வர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தால் கணக்கு முற்றிலும் வேறு.

மருதாணி இலையில் சாயம் தயார் நிலையில் இருப்பதில்லை. லாசோன் என்ற சாயப்பொருளின் முன்வடிவம் சர்க்கரைக் கூறோடு பிணைந்து இலைக்குள் கிடக்கிறது. தண்ணீர், லேசான புளிப்பு, கதகதப்பு மூன்றும் சேர்ந்தால் அந்தப் பிணைப்பு மெல்ல விடுபட்டுச் சாயம் வெளியே வரும். வந்த சாயம் தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய உடனே அதன் நிறம் ஆரஞ்சு. காற்றுப் பட்டு, ஒன்றரை இரண்டு நாளில் அது செம்பழுப்பாக முற்றும். உள்ளங்கையிலும் பாதத்திலும் மேல்தோல் தடிமன் என்பதால் அங்கே ஆழமாகப் பிடிக்கும். புறங்கையிலும் முழங்கையிலும் வெளிறித்தான் இருக்கும். எவ்வளவு நல்ல மருதாணியானாலும் கறுப்பு நிறம் அதில் வராது.

முதலில் இலை. இரண்டு கைப்பிடி இலைக்குக் கொட்டைப்பாக்கு ஒன்று, நெல்லிக்காய் அளவு புளி என்பது நம் வீடுகளின் பழைய கணக்கு. புளியின் புளிப்புக்கு மேலே சொன்ன வேலை உண்டு. அம்மியிலோ மிக்சியிலோ தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெயாக அரைக்க வேண்டும். இலை நன்றாக நசுங்கினால்தான் சாயம் வெளியேறும். பச்சை இலை விழுதைத் தனியாக ஊற வைக்க வேண்டியதில்லை. அரைத்ததும் வைத்து, இரவு முழுக்க விட்டுவிட்டால் ஊறும் நேரமும் பிடிக்கும் நேரமும் கையிலேயே நடந்துவிடும். விரல் நுனிக்குத் தொப்பி, நடுவில் வட்டம், சுற்றிலும் பொட்டு என்பதற்கு இதை மிஞ்ச வேறில்லை. ஆனால் கோனில் போட்டால் நார் அடைத்துக்கொள்ளும், கொடியும் பூவும் வரைய முடியாது.

மெல்லிய கோலம் வேண்டுமென்றால் தூள்தான். இந்தியச் சந்தையின் மருதாணித் தூளில் பெரும்பங்கு ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத் பகுதியிலிருந்து வருகிறது. கைக்கு வாங்கும்போது மூன்று சலிப்புக் கண்ட மென்மையான தூளைக் கேளுங்கள். தலைக்கென்று விற்கும் கொரகொரப்பான தூளில் கோன் வாய் அடைபடும். நிறம் மங்கிப் பழுப்பேறிய தூள் பழையது, அதில் சாயம் குறைந்திருக்கும். கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருந்தால் பச்சைச் சாயம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

100 கிராம் தூளுக்கு ஏறத்தாழ 250 மில்லி எலுமிச்சைச் சாறு, 20 முதல் 30 கிராம் சர்க்கரை, 30 மில்லி நறுமணத் தைலம் என்பது நம்பகமான அளவு. சாற்றை விதையும் சக்கையும் போக மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சர்க்கரை விழுதைத் தோலில் ஒட்ட வைத்து, சீக்கிரம் காய்ந்து உதிராமல் காக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில், காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் 15 கிராமே போதும். கூடினால் கோடுகள் கசிந்து பரவும். தைலம் நிறத்தை ஆழமாக்கும். நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது நீலகிரித் தைலம். சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தவிர்த்து லாவண்டர் தைலம் சேர்ப்பது நல்லது. மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. அவை தோலைப் புண்ணாக்கும், சேர்க்கவே கூடாது.

ஞாயிறு காலை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். வியாழன் இரவு ஒன்பது மணிக்கு, கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் தூளோடு சர்க்கரை, தைலம், சாற்றில் முக்கால் பங்கு சேர்த்துக் கட்டியாகக் குழையுங்கள். பிளாஸ்டிக் தாள் விழுதின் மேல் படியும்படி மூடி வையுங்கள். நம் ஊர் வெயில் காலத்தில், 30 டிகிரிக்கு மேல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் சாயம் விடும். மார்கழிக் குளிரிலோ ஊட்டியிலோ ஒரு முழு நாள் ஆகலாம். வெள்ளி காலையில் மேற்பரப்பு பழுப்பாகவும், கிளறினால் உள்ளே பச்சையாகவும் இருக்கும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிடத்தில் துடையுங்கள். தெளிவான ஆரஞ்சு விழுந்தால் தயார். மங்கலாக இருந்தால் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். தயாரானதும் மீதிச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றி, கரண்டியிலிருந்து அறுபடாமல் நாடாவாக விழும் பதத்துக்குக் கொண்டுவந்து கோனில் அடையுங்கள்.

இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. அதிக நேரம் ஊறினால் அதிகம் சிவக்கும் என்று இரண்டு மூன்று நாள் வெளியே வைத்துவிடுகிறார்கள். வெளியே வந்த சாயம் காற்றிலும் சூட்டிலும் தொடர்ந்து வீணாகும். உச்சம் கண்ட விழுது நம் ஊர்ச் சூட்டில் ஒரு நாளுக்குள்ளேயே வலுவிழக்கத் தொடங்கும். அன்றே பயன்படுத்தாத கோனை உறைபெட்டியில் வைத்தால் மாதக் கணக்கில் தாங்கும். வெளியே எடுத்து உருகியதும் உடனே போட்டுவிட வேண்டும்.

வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் போட்டு, காயத் தொடங்கியதும் எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கரைத்துப் பஞ்சால் லேசாக ஒற்றுங்கள். எட்டு மணி நேரமாவது கையில் இருக்கட்டும். சனி விடிகாலையில் தண்ணீர் படாமல் சுரண்டி எடுங்கள். அப்போது தெரியும் ஆரஞ்சைக் கண்டு பதற வேண்டாம். அன்று முழுவதும் கூடிய மட்டும் தண்ணீரில் கை வைக்காமல், குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஞாயிறு காலை அது செம்பழுப்பாகிவிடும். சுரண்டியவுடன் சோப்புப் போட்டுக் கழுவிய கை இவ்வளவு முற்றாது.

தலைக்கு இதே செய்முறையைக் கொண்டுபோகக் கூடாது. தைலமும் சர்க்கரையும் தேவையில்லை, எலுமிச்சை மிகுந்தால் முடி வறண்டு போகும். தோள் வரையுள்ள முடிக்குச் சுமார் 200 கிராம் தூளை, ஆறிய தேயிலை வடிநீரிலோ வெந்நீரிலோ, இரண்டு கரண்டி நெல்லிக்காய்ப் பொடியோடு கெட்டித் தயிர்ப் பதத்தில் கரைத்து இரவு ஊற விடலாம். இரும்புச் சட்டியில் ஊற வைக்கும் வழக்கத்துக்கும் காரணம் உண்டு. புளிப்பு இரும்பைச் சற்றே கரைக்கும், அந்த இரும்பு சாயத்தோடு சேர்ந்து நிறத்தைப் பழுப்பின் பக்கம் இழுக்கும். முட்டையும் தயிரும் சேர்ப்பது முடிக்கு மென்மை தரலாம், நிறத்துக்கு உதவாது. சாயம் ஒட்டுவது புரதத்தில். கிண்ணத்திலேயே புரதத்தைக் கொட்டினால் சாயத்தின் ஒரு பங்கு அதிலேயே தங்கிவிடும். தலையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் இருக்கலாம்.

நரை இதில் செம்பட்டையாகத்தான் மாறும். கறுப்பு வேண்டும் என்றால் அவுரி இருக்கிறது. மருதாணியை அலசிய பிறகு, அவுரித் தூளில் ஒரு சிட்டிகை உப்பும் வெதுவெதுப்பான நீரும் மட்டும் சேர்த்துக் குழைத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தலையில் தடவ வேண்டும். இங்கே ஊற வைப்பதே கெடுதல். அவுரியின் நீலம் காற்றில் விரைவாக முற்றிவிடும், கிண்ணத்தில் முற்றிய நீலம் முடிக்குள் போகாது. எலுமிச்சையும் சேர்க்கக் கூடாது. ஒன்று ஒன்றரை மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். முதல் நாள் பச்சை சாயலாகத் தெரிவது இரண்டு நாளில் அடங்கும். அதுவரை ஷாம்பு வேண்டாம். மருதாணி அடித்தளம் இல்லாமல் நேரே நரையில் அவுரி தடவினால் நீலப்பச்சை தெரியும்.

இனி கறுப்புக் கோன். அதன் கறுப்பு பெரும்பாலும் பாரா-ஃபெனிலீன்டையமின் என்ற, சுருக்கமாக பிபிடி எனப்படும், தலைச்சாய வேதிப்பொருளிலிருந்து வருகிறது. தலைச்சாயத்தில் இது அனுமதிக்கப்பட்டதுதானே என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில், கலந்து தலையில் வைக்கும் நிலையில் 2 சதவீதம் என்பதுதான் மேல்வரம்பு, தோலில் பூச அனுமதியே இல்லை. இந்தியாவில் பிபிடி உள்ள தலைச்சாயத்தின் பொட்டியில், தோல் எரிச்சல் வரலாம், முன்கூட்டிச் சோதித்துப் பாருங்கள், புருவத்திலும் இமையிலும் பூசினால் கண் பறிபோகலாம் என்ற எச்சரிக்கை கட்டாயம். கறுப்புக் கோனில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. தலைச்சாயத்தை அரை மணி நேரத்தில் அலசிவிடுகிறோம். கோனை நேரே தோலில் போட்டு, காயும்வரை அப்படியே விடுகிறோம்.

பிபிடி மிகச் சிறிய மூலக்கூறு, அதனால் தோலுக்குள் எளிதாகப் போகும். உள்ளே புரதங்களோடு சேரும்போது, நோய் எதிர்ப்புச் செல்கள் அதை எதிரியாகப் பதிவுசெய்துகொள்ளக்கூடும். முதல் தடவை ஒன்றுமே நடக்காமல் போகலாம், அல்லது ஒரு வாரம் பத்து நாள் கழித்து அரிப்பு தொடங்கலாம். அடுத்த முறை ஓரிரு நாளிலேயே, வரைந்த கொடியும் பூவும் அதே வடிவத்தில் சிவந்து தடித்து, நீர்க்கொப்புளமாக எழும்பும். புண் ஆறினாலும் அந்த இடம் மாதக் கணக்கில் வெளுத்தோ கறுத்தோ நிற்கலாம், சிலருக்குத் தழும்பு நிலைத்துவிடும். பதிவு வாழ்நாள் முழுதும் அழியாது. பத்து வயதில் திருவிழாவில் கறுப்புக் கோன் போட்ட பெண், நாற்பதில் நரைக்குத் தலைச்சாயம் பூசும்போது கண் மூடுமளவு முகம் வீங்கி மருத்துவமனைக்குப் போக நேரலாம். சில மரத்துப்போகும் களிம்புகள், துணிச் சாயங்கள், கறுப்பு ரப்பர்ப் பொருள்கள் ஆகியவற்றுக்கும் உடல் அதேபோல் எதிர்வினை காட்டக்கூடும்.

ஒரு துளி வைத்துச் சோதித்துவிட்டுப் போடலாமே என்பது இங்கே உதவாது. ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவரைத்தான் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். வராதவருக்கு அந்தத் துளியே முதல் பதிவாக அமையலாம்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. ஓரிரு மணி நேரத்தில் துடைத்து எடுத்ததும் தோலில் கறுப்பு நின்றால் அது மருதாணி அல்ல. விழுதே மை போலக் கறுத்திருந்தாலும், பெயிண்ட் போல வாடை அடித்தாலும் அப்படியே. மாதக் கணக்கில் குளிரூட்டாமல் கடையில் தொங்கிய கோன், ஐந்து நிமிடத்தில் சிவக்கும் என்று அச்சிட்ட கோன் இரண்டிலும் வேறு சாயம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். மேலே கண்டபடி ஊறிய மருதாணி வெளியில் ஒரு நாள் தாங்குவதே கடினம். தலைக்கு வாங்கும் ‘பிளாக் ஹென்னா’, ‘காலி மெஹந்தி’ பொட்டலங்களில் இயற்கை என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் பின்பக்கத்துப் பட்டியலைப் படியுங்கள், பிபிடி அங்கே இருக்கலாம். அந்தப் பொட்டலத் தூளைக் கைக்குக் குழைக்கவே கூடாது.

கறுப்புக் கோன் போட்டுவிட்டது தெரிந்தால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். ஒருமுறை இப்படி வந்தவர் பார்லரிலும் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் அதைச் சொல்லி வைக்க வேண்டும்.

அசல் மருதாணியிலும் ஒரு விலக்கு உண்டு. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு லாசோன் தோல் வழியே போய் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். குடும்பத்தில் அந்தக் குறைபாடு இருந்தால் கைக்குழந்தைக்கு எந்த மருதாணியும் வைக்க வேண்டாம்.