பேச்சாளர் அறிமுகக் குறிப்பு: தகுதிப் பட்டியலா, தீர்க்கும் பிரச்சினையா?

மாநாட்டுப் பக்கத்தில் பெயருக்குக் கீழே வரும் அந்தச் சிறிய பயோவை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, படிப்பு, அனுபவம், பதவிகள், சான்றிதழ்கள் என்று வரிசையாக அடுக்கும் தகுதிப் பட்டியல். இன்னொன்று, யாருடைய எந்தப் பிரச்சினையை நான் கையாள்கிறேன் என்பதில் தொடங்குவது. ‘சிறு வயதிலேயே இயந்திரங்கள் மேல் ஆர்வம்’ என்று தொடங்கும் கதை வகையும் உண்டு. எண்பது சொல்லுக்குள் ஒரு கதையைச் சொல்லி முடிக்க எனக்குக் கைவரவில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நான் முதல் வகையைப் பல வருடம் வைத்திருந்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவள். என் தொழில், ஆலைகளின் உதிரிபாகக் கிடங்குகளுக்கு ஆலோசனை சொல்வது. பழைய பயோ இப்படி இருந்தது:

“(பெயர்), மேலாண்மை மற்றும் விநியோகச் சங்கிலித் துறையில் 15 ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் வாய்ந்த ஆலோசகர். பொறியியலில் இளநிலைப் பட்டமும் வணிக மேலாண்மையில் முதுநிலைப் பட்டமும் பெற்றவர். உற்பத்தி, மின்சாரம், போக்குவரத்து எனப் பல துறைகளின் முன்னணி நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கியுள்ளார். செயல்திறன் மேம்பாடு, செலவுக் குறைப்பு, மாற்ற மேலாண்மை ஆகியவற்றில் நிபுணத்துவம் கொண்டவர். பல்வேறு மாநாடுகளில் உரையாற்றியுள்ளார்.”

இதில் பொய் எதுவும் கிடையாது. இதை வைத்துக்கொண்டு மேடைகளும் கிடைத்தன. ஆனால் ஒரு மேடையில் தொகுப்பாளர் இதைத் தன் கைப்பேசியில் பார்த்துப் படித்தபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே முன்வரிசையில் தலைகள் குனிந்துவிட்டன. ‘மாற்ற மேலாண்மை’ வரைக்கும் வந்தவர், மீதியை விரலால் தள்ளிவிட்டு, “இன்னும் நிறைய சாதித்திருக்கிறார், வாருங்கள்” என்று என்னை அழைத்தார். பேசி முடித்து இறங்கியதும் ஒருவர் வந்து கேட்டார்: “மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க என்ன வேலை பண்றீங்கன்னு உங்க பேச்சைக் கேட்ட அப்புறம்தான் புரிஞ்சது. அந்த அறிமுகத்துல ஒண்ணுமே புரியலையே?”

அன்று இரவே மாற்றி எழுத உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் வந்தது, “உதிரிபாக இருப்பு மேலாண்மை ஆலோசகர்.” அது பதவிப் பெயர்தான், பிரச்சினை அதில் இல்லை. இரண்டாவது முயற்சியில் எதிர்ப்பக்கம் சாய்ந்து, “சிமென்ட் ஆலைகளின் பேரிங் கையிருப்பைச் சீரமைப்பவர்” என்று எழுதினேன். அது நான் செய்யும் வேலையில் ஒரு மூலை மட்டுமே. சில நாள் கழித்து நின்றது இது:

“ஆலைக் கிடங்குகளில் பல வருடங்களாக யாரும் தொடாமல் கிடக்கும் உதிரிபாகங்களில் எதை வைத்திருக்க வேண்டும், எதைக் கழித்துவிடலாம் என்று முடிவெடுக்க உதவுபவர் (பெயர்). 2008 முதல் 23 ஆலைகளின் கிடங்குகளை நேரில் பார்த்து மதிப்பிட்டிருக்கிறார். கையிருப்பு விஷயத்தில் பராமரிப்புப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் வரும் மோதலை எப்படித் தீர்ப்பது, வந்து சேர மாதக்கணக்கில் ஆகும் பாகத்தை எத்தனை வைத்துக்கொள்வது ஆகிய இரண்டு தலைப்புகளில் பேசுகிறார். ஆலோசகராவதற்கு முன் எட்டு ஆண்டுகள் பராமரிப்புப் பொறியாளராக இருந்தவர்.”

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சின்ன வித்தியாசங்கள் பல கண்ணில் படும். புதியது கொஞ்சம் நீளம். இரண்டும் படர்க்கையில்தான் இருக்கின்றன. ஏற்பாட்டாளர் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வதற்கும், தொகுப்பாளர் வாய்விட்டுப் படிப்பதற்கும் படர்க்கைதான் வசதி. ‘15 ஆண்டுகளுக்கும் மேலான’ என்பது ஒவ்வொரு வருடமும் பழசாகிக்கொண்டே வரும், ‘2008 முதல்’ என்று எழுதிவிட்டால் தொட வேண்டியதில்லை. இவையெல்லாம் எந்த வகைக்கும் பொருந்தும் கைவேலைகள்.

என்னை ஒரு பக்கம் சாய்த்தது வேறொன்று. அழைப்பு எப்படி உருவாகிறது என்று யோசித்துப் பாருங்கள். மாநாட்டுக் குழுவில் இருக்கும் ஒருவருக்கு நம் பெயர் எங்கிருந்தோ கிடைக்கிறது. அவர் தனியாக முடிவெடுப்பது அபூர்வம். குழுவில் இருக்கும் மற்றவர்களுக்கு, “இவரைக் கூப்பிடலாமா?” என்று ஒரு செய்தி அனுப்புகிறார். அந்தச் செய்தியில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி வேண்டும். அதை அவர் நம் பயோவிலிருந்து வெட்டி ஒட்டுவார், அல்லது படித்துவிட்டு நினைவிலிருந்து சொல்வார். அந்த இடத்தில் குழுவுக்கு இருக்கும் கேள்வி ‘இவர் தகுதியானவரா’ என்பதைவிட, ‘இவரை எந்த அமர்வில் போடுவது’ என்பதுதான். நிகழ்ச்சி நிரலில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. நாம் எந்தக் கட்டத்துக்குள் போய் உட்காருவோம் என்று தெரிந்தால்தான் பேச்சு அடுத்த நிலைக்கு நகரும்.

பழைய பயோவிலிருந்து அந்த ஒரு வரியை எடுக்கவே முடியாது. “15 வருட அனுபவம் உள்ள ஆலோசகர்” என்றால் அது பட்டியலில் இருக்கும் பாதிப் பேருக்குப் பொருந்தும். செயல்திறன் மேம்பாடு என்பது எந்த அமர்வுக்கும் பொருந்தும் என்பதாலேயே எந்த அமர்வுக்கும் நம்மை ஞாபகப்படுத்தாது. புதியதில், “யாரும் தொடாத உதிரிபாகங்களை என்ன செய்வது என்று சொல்பவர்” என்பது தானாகவே நாக்கில் நிற்கிறது. பராமரிப்பு மாநாடு நடத்துபவருக்கு ஓர் அமர்வு உடனே தோன்றும். கொள்முதல் துறையினருக்கு வேறொன்று தோன்றும். கணக்குப் பிரிவினர் கூடும் இடத்தில், செயலற்ற சரக்கைக் கணக்கில் கழிப்பது பற்றிய அமர்வு ஒன்று தோன்றும்.

முதல் வாக்கியம் எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதையும் இதை வைத்தே அளக்கிறேன். பெயரை மறைத்துவிட்டு, என் துறைக்கு வெளியே இருக்கும் நண்பர் ஒருவரிடம் அந்த வாக்கியத்தை மட்டும் காட்டி, “இவரை எந்த அமர்வில் பேச வைப்பாய்?” என்று கேட்டேன். பழையதற்கு, “எதில் வேண்டுமானாலும்” என்றார். பேரிங் வாக்கியத்துக்கு ஒரே ஓர் அமர்வைச் சொன்னார். கடைசியாக எழுதியதற்கு யோசித்து மூன்று சொன்னார். இரண்டு மூன்று என்று பதில் வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

மாறியது வேலை செய்கிறதா என்பதை, வரும் அழைப்புகளின் வாசகத்திலேயே பார்க்கலாம். பழைய பயோ இருந்தபோது, “உங்களுக்கு விருப்பமான தலைப்பில் 30 நிமிடம் பேசுங்கள்” என்று எழுதுவார்கள். கேட்க மரியாதையாக இருக்கும், ஆனால் அவர்களுக்கே நான் எதற்கு என்று தெரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். அப்படி வந்த அழைப்புகளில் சில பாதியில் நின்றும் போயின. இப்போது வருபவற்றில், “பராமரிப்பும் கணக்கும் மோதுவது பற்றிச் சொல்கிறீர்களே, அதைப் பேச முடியுமா?” என்று என் வாக்கியமே எனக்குத் திரும்பி வருகிறது. எண்ணிக்கை கூடியதற்கு பயோ மட்டும்தான் காரணமா என்றால், உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதே வருடத்தில் நிறைய இடங்களில் பேசவும் செய்தேன், ஒன்று இன்னொன்றைக் கொண்டுவரும். ஆனால் வாசகம் மாறியதற்கு பயோதான் காரணம்.

வாக்கியங்களின் வரிசையும் இதோடு சேர்ந்தது. செய்தித்தாள் செய்தியைப் போல, கீழிருந்து வெட்டினாலும் மேலே இருப்பது தனியாக நிற்க வேண்டும். பல மாநாட்டுப் பக்கங்கள் முதல் இரண்டு மூன்று வரிகளை மட்டும் காட்டி மீதியை மடித்துவிடுகின்றன. அச்சிட்ட கையேட்டில் இடம் இல்லாவிட்டால் ஏற்பாட்டாளரே வெட்டுவார். புதிய பயோவில் கடைசி வாக்கியம் போனாலும் ஒன்றும் குறையாது. பழையதில் கடைசி மூன்று வாக்கியங்களை வெட்டினால் மிஞ்சுவது அனுபவமும் பட்டமும் மட்டுமே.

இரண்டாவது வாக்கியமான ஆதாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஆலோசகர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ‘வாடிக்கையாளர்களுக்கு இத்தனை கோடி மிச்சப்படுத்தினார்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். என் துறையில் அந்த எண் மிகவும் வழுக்கலானது. பத்து வருடம் கிடந்த பாகத்தைக் கழித்தால் கணக்குப் புத்தகத்தில் சரக்கின் மதிப்பு குறையும், ஆனால் அந்தப் பணம் எப்போதோ செலவாகிவிட்டது. பழைய இரும்பு விலைக்கு விற்றுக் கையில் வருவது அதில் ஒரு துளிதான். அரங்கில் ஒரு கணக்காளர் எழுந்து, “எந்த மிச்சத்தைச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டால் முழு உரையும் அந்த விளக்கத்திலேயே போய்விடும். அதோடு, அந்த எண்ணை வெளியிட வாடிக்கையாளரின் அனுமதி வேண்டும். பெயர் சொல்லாவிட்டாலும், ஒரு துறையில் ஆலைகள் குறைவாக இருந்தால் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். ‘23 ஆலைகள், நேரில்’ என்பது என் சொந்த எண். யாருடைய ரகசியமும் அதில் இல்லை, யார் கேட்டாலும் என்னால் விளக்க முடியும்.

தகுதிப் பட்டியல் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. பல்கலைக்கழகங்கள் நடத்தும் கருத்தரங்குகளில் பட்டமும் வெளியீடுகளும்தான் முதலில் பார்க்கப்படுகின்றன என்று தோன்றுகிறது. நான் அப்படிப்பட்ட இடங்களில் பேசியது இரண்டே முறை, இரண்டிலும் பட்டியலைத்தான் கேட்டு வாங்கினார்கள். உரிமம் இல்லாமல் செய்யவே முடியாத தொழில்களில், அந்த உரிமத்தை முதல் வரியில் சொல்லாவிட்டால் சந்தேகம்தான் வரும். வேலையைத் தொடங்கி ஓரிரு வருடமே ஆனவருக்கு, காட்ட இன்னும் வேலை சேரவில்லை என்றால் பட்டம் கொஞ்சம் கைகொடுக்கும்.

பிரச்சினையில் தொடங்கும் பயோவுக்கு ஒரு விலையும் இருக்கிறது. அது நம்மை ஒரே பெட்டியில் போட்டுவிடும். கிடங்கு மென்பொருள் தேர்வு பற்றியும் நான் ஆலோசனை சொல்கிறேன், அதற்கு இன்றுவரை ஓர் அழைப்புகூட வரவில்லை. மூன்றாவது வாக்கியத்தில் அதையும் ஒரு தலைப்பாகச் சேர்த்துப் பார்த்தேன். நண்பரிடம் மறுபடி காட்டியபோது, “இப்போ நீ மென்பொருள் விற்கிறவளா?” என்று கேட்டார். எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் நகர வேண்டும் என்று முடிவு செய்தால் முதல் வாக்கியத்தையே மாற்ற வேண்டியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஆலைகளின் எண்ணிக்கையைத் திருத்தும்போது அதைப் பற்றியும் யோசித்துக்கொள்கிறேன். பழைய பட்டியலை அழிக்கவில்லை, கேட்பவர்களுக்கு அனுப்பத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். ‘பல்வேறு மாநாடுகளில் உரையாற்றியுள்ளார்’ என்ற வரியை மட்டும் அதிலிருந்தும் எடுத்துவிட்டேன்.