கைகூப்புவதா, கைகுலுக்குவதா?

ஜெர்மனியில் வளரும் பேத்திக்கு எங்கும் ஒரே வணக்கம் போதும் என்பது மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் அக்காவின் கட்சி. இடத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளட்டும் என்பது அவர் மருமகளின் கட்சி. கைகூப்பினால் அங்கே யாரும் தவறாக எண்ணப்போவதில்லை, ஆனால் எதிரில் நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும். கைகுலுக்குவதிலோ சிக்கல் கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது: பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது நமக்கு மரியாதை, அங்கே கண்ணைப் பார்க்காமல் கைகொடுத்தால் அக்கறை இல்லாததுபோல் தோன்றும். தரையைப் பார்த்தபடி கைகொடுத்த குழந்தையின் முகத்தை அவளுடைய ஆசிரியை குனிந்து தேடினாராம். ஆகவே வெளியில் கண்ணைப் பார்த்துச் சுருக்கமாக ஒரு கைகுலுக்கல், மாட்டுங்கா வீட்டில் தாத்தா பாட்டிக்கு விழுந்து நமஸ்காரம் (காலைத் தொட்டுவிட்டு நகர்வது எங்களுக்கு மும்பை தந்த சுருக்கவழி) என்ற மருமகளின் ஏற்பாடே எனக்குச் சரியாகப் படுகிறது. சளி பிடித்த நாளில் மட்டும், காரணத்தைச் சொல்லிவிட்டுக் கைகூப்பலாம்.