இன்டர்ன்ஷிப்பை ஒரு மாதம் நீட்டிக்க எந்த மெயில் அனுப்பலாம்?

முதல் வகை மெயில்: "இங்கே நிறையக் கற்றுக்கொண்டேன், இன்னும் ஒரு மாதம் கிடைத்தால் புராஜெக்டை நன்றாக முடித்துவிடுவேன்." மரியாதையாகத்தான் இருக்கிறது, ஆனால் என்ன வேலை பாக்கி, அதற்கு ஏன் ஒரு மாதம் என்று மேலாளர் திரும்பக் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது வகை: "என் இன்டர்ன்ஷிப் ஜூன் 30-ல் முடிகிறது, ஜூலை 31 வரை நீட்டிக்க முடியுமா? விற்பனை அறிக்கைக் கருவியில் தரவு இணைப்பு முடிந்தது. தரவைப் பார்க்கும் அனுமதி தாமதமானதால் சோதனை தள்ளிப்போனது. சோதனைக்கு இரண்டு வாரம், திருத்தங்களுக்கு ஒரு வாரம், ஆவணம் எழுதி ஒப்படைக்க ஒரு வாரம் ஆகும். நீட்டிக்க இயலாவிட்டால், ஜூன் 30-க்குள் இதுவரை செய்ததை ஆவணத்தோடு ஒப்படைக்கிறேன்."

நான் இதைத்தான் அனுப்பச் சொல்வேன். பல இடங்களில் மேலாளர் மட்டுமே முடிவெடுக்க முடியாது, மனிதவளத் துறையின் ஒப்புதலும் வேண்டும். இந்த மெயிலை அவர் அப்படியே ஃபார்வர்ட் செய்துவிடலாம். கடைசி வரி இருப்பதால் மறுப்பதும் அவருக்குச் சுலபம், அதனால் பதில் சீக்கிரம் வரும். ஜூன் முதல் வாரத்திலேயே அனுப்புங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் அவர் சம்மதித்தாலும் ஒப்பந்தம் புதுப்பிக்க நேரம் இருக்காது. சம்மதம் வந்த அப்புறம் உதவித்தொகை தொடருமா, லாகின் எந்தத் தேதி வரை என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.